ஒன்றையொன்று வெட்டும் வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பு

y = f(x), y = g(x) என்னும் இரு தொடர்ச்சியான வளைவரைகளுக்கு இடையே, x = a, x = b ஆகிய கோடுகளுக்குள் அடைபடும் அரங்கத்தின் பரப்பைக் காணும் முறை முந்தைய பகுதியில் விளக்கப்பட்டது. அங்கு எடுத்துக்கொண்ட கணக்குகள் யாவற்றிலும் ஒரு வளைவரை இடைவெளி முழுவதும் மற்றதற்கு மேலேயே அமைந்திருந்தது. மேலுள்ளதிலிருந்து கீழுள்ளதைக் கழித்துத் தொகையிட்டதும் விடை கிடைத்தது. இரு வளைவரைகளும் இடையில் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால் நிலைமை மாறுகிறது. வெட்டும் புள்ளிக்கு முன்பு மேலே இருந்தது பின்பு கீழே போய்விடுகிறது. அப்போது ஒரே தொகையீட்டால் கிடைக்கும் எண் பரப்பாக இராது.

இதன் காரணத்தை அறியத் தொகையீட்டின் தோற்றத்தை நினைவுகூர்தல் போதும். அரங்கத்தை மிக மெல்லிய செங்குத்துக் கீற்றுகளாகப் பிரிப்பதாகக் கொள்க. ஒவ்வொரு கீற்றின் அகலமும் dx. அதன் உயரம், மேல் வளைவரைக்கும் கீழ் வளைவரைக்கும் இடையேயான தொலைவு. f மேலே இருக்கும் இடத்தில் f(x) − g(x) என்பது அந்த உயரத்தையே தருகிறது. g மேலே இருக்கும் இடத்தில் அதே கோவை உயரத்தின் குறை மதிப்பைத் தருகிறது. தொகையீடு இந்த வேறுபாட்டைக் கவனியாமல் எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறது. எனவே ஒரு பக்கத்துக் கீற்றுகள் கூட்டப்பட, மறுபக்கத்துக் கீற்றுகள் கழிக்கப்படுகின்றன. கீற்றின் பரப்பு குறை எண்ணாக இருத்தல் இயலாது. ஆதலால் ஒவ்வொரு கீற்றுக்கும் உயரத்தின் மட்டு மதிப்பையே எடுத்தல் வேண்டும்:

பரப்பு = ∫ₐᵇ |f(x) − g(x)| dx

இவ்வாய்பாட்டில் மட்டுக்குறி தொகையீட்டின் உள்ளே உள்ளது என்பதை ஊன்றிக் கவனிக்க. தொகையிட்ட பின்பு விடைக்கு மட்டு மதிப்பு எடுப்பது வேறு செயல். கழிக்க வேண்டாதவற்றைக் கழித்து முடித்த பிறகு, எஞ்சிய எண்ணின் குறியை மட்டும் மாற்றுவதால் இழந்த பரப்பு திரும்பி வராது.

மட்டுக்குறியுடன் நேரடியாகத் தொகையிடும் சூத்திரம் எதுவும் பொதுவாக இல்லை. குறி மாறும் இடங்களில் இடைவெளியைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மட்டுக்குறியை நீக்கிவிட்டுத் தொகையிடுவதே வழி. f − g தொடர்ச்சியானது. ஆகவே அது மிகையிலிருந்து குறைக்கோ, குறையிலிருந்து மிகைக்கோ செல்ல வேண்டுமாயின் இடையில் பூச்சியத்தைக் கடந்தே ஆக வேண்டும். எனவே f(x) = g(x) என்னும் சமன்பாட்டின் மூலங்களைத் தவிர வேறெங்கும் பிரிக்கத் தேவையில்லை.

எடுத்துக்காட்டு. y = x³ − 2x² என்ற வளைவரைக்கும் y = 3x என்ற நேர்க்கோட்டுக்கும் இடையே அடைபடும் அரங்கத்தின் பரப்பைக் காண்க.

தீர்வு. வெட்டும் புள்ளிகளுக்கு இரண்டையும் சமப்படுத்துக.

x³ − 2x² = 3x
x³ − 2x² − 3x = 0
x(x + 1)(x − 3) = 0

மூலங்கள் −1, 0, 3. வெட்டும் புள்ளிகள் (−1, −3), (0, 0), (3, 9). அடைபடும் அரங்கம் x = −1 முதல் x = 3 வரை பரவியுள்ளது; இடையில் x = 0 என்னுமிடத்தில் அது இரு துண்டுகளாகப் பிரிகிறது.

இனி ஒவ்வொரு துண்டிலும் எது மேலே உள்ளது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். துண்டின் உள்ளே ஏதேனும் ஓர் எண்ணைப் பிரதியிட்டுப் பார்த்தாலே போதுமானது. அங்கு வேறு மூலம் இல்லாமையால் துண்டு முழுவதும் குறி ஒன்றாகவே இருக்கும். x = −1/2 எனில் வளைவரையின் மதிப்பு −5/8, கோட்டின் மதிப்பு −3/2. இவற்றுள் −5/8 பெரியது. ஆகவே இடத் துண்டில் வளைவரை மேலே. x = 2 எனில் வளைவரையின் மதிப்பு 0, கோட்டின் மதிப்பு 6. வலத் துண்டில் கோடு மேலே.

h(x) = x³ − 2x² − 3x எனக் கொள்க. இதனைத் தொகையிடக் கிடைப்பது

H(x) = x⁴/4 − 2x³/3 − 3x²/2

H(−1) = 1/4 + 2/3 − 3/2 = −7/12
H(0) = 0
H(3) = 81/4 − 18 − 27/2 = −45/4

இடத் துண்டின் பரப்பு = H(0) − H(−1) = 7/12.
வலத் துண்டில் கோடு மேலே இருப்பதால் −h(x) ஐத் தொகையிட வேண்டும். அதன் பரப்பு = −[H(3) − H(0)] = 45/4.

தேவையான பரப்பு = 7/12 + 45/4 = 142/12 = 71/6 சதுர அலகுகள்.

H(x) ஐ ஒரு முறை மட்டுமே கண்டு, மூன்று இடங்களில் மதிப்பிட்டு, அம்மதிப்புகளின் வேறுபாடுகளை மட்டு மதிப்பில் கூட்டியதைக் காண்க. துண்டுகள் எத்தனையாயினும் தொகையிடும் வேலை ஒன்றுதான். ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகத் தொகையிடுவது நேரத்தை வீணாக்குவதோடு குறிப் பிழைக்கும் இடம் தரும்.

இக்கணக்கில் மாணவர் வழுக்கும் இடம் தொகையிடலில் இல்லை. அதற்கு முன்னரே, சமன்பாட்டைத் தீர்க்கும் முதல் வரியில் உள்ளது. x³ − 2x² = 3x என்று எழுதியவுடன் இருபுறமும் x ஐ அடித்துவிடும் பழக்கம் பலரிடம் காணப்படுகிறது. அவ்வாறு செய்தால் x² − 2x − 3 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைத்து, x = −1, x = 3 என்னும் இரு மூலங்கள் மட்டுமே வெளிப்படும். x = 0 மறைந்துவிடும். பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுத்ததன் விளைவு இது. இவ்வாறு மறைந்த மூலமே இங்கு அரங்கத்தைப் பிரிக்கும் புள்ளி என்பதால் அதன் விலை பெரிது. மாணவர் −1 முதல் 3 வரை ஒரே மூச்சில் தொகையிடுவார்:

H(3) − H(−1) = −45/4 + 7/12 = −128/12 = −32/3

குறை எண் வந்ததைக் கண்டு, பரப்பு குறையாக இராது என்ற சரியான எண்ணத்துடன் குறியை நீக்கி 32/3 என்று விடை எழுதிவிடுவார். இந்த விடை பார்வைக்கு எவ்வித ஐயத்தையும் எழுப்புவதில்லை. 71/6 என்பது ஏறத்தாழ 11.83, 32/3 என்பது ஏறத்தாழ 10.67. இரண்டும் அருகருகே உள்ளன. ஆயினும் வலத் துண்டின் பரப்பு மட்டுமே 45/4, அதாவது 11.25. முழு அரங்கத்தின் பரப்பு அதன் ஒரு துண்டின் பரப்பைவிடக் குறைவாக வருமாயின், எங்கோ ஒரு துண்டு கழிக்கப்பட்டுவிட்டது என்பது உறுதி. சரியான விடைக்கும் தவறான விடைக்கும் உள்ள வேறுபாடு 71/6 − 32/3 = 7/6; இது சிறிய துண்டாகிய 7/12 இன் சரியாக இருமடங்கு. கூட்ட வேண்டியதைக் கூட்டாதது ஒரு மடங்கு, அதனைக் கழித்தது மற்றொரு மடங்கு.

இரு துண்டுகளும் சமமாக அமையும்போது இப்பிழை தானே காட்டிக்கொடுத்துவிடும். 0 முதல் π/2 வரை y = sin x, y = cos x ஆகியவற்றை எடுத்துக்கொள்க. அவை x = π/4 இல் வெட்டுகின்றன. பிரிக்காமல் தொகையிட்டால் விடை 0. கண்ணுக்குத் தெரியும் ஓர் அரங்கத்திற்குப் பரப்பு பூச்சியம் என்று எவரும் எழுதத் துணியார். பிரித்துத் தொகையிட்டால் ஒவ்வொரு துண்டும் √2 − 1 ஆகி, மொத்தம் 2√2 − 2 கிடைக்கும். துண்டுகள் சமமற்றிருக்கும்போதுதான் பிழை ஒளிந்துகொள்கிறது. முன்னைய எடுத்துக்காட்டைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம்.

மற்றொரு குழப்பத்தையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளலாம். இடத் துண்டு முழுவதும் x-அச்சுக்குக் கீழே அமைந்துள்ளது. அச்சுக்குக் கீழுள்ள பரப்பு குறையாக வரும் என்று முன்பு கற்றதை நினைவில் கொண்டு, இங்கும் குறியை மாற்ற முற்படுவோர் உண்டு. அது தேவையற்றது. இரு வளைவரைகளையும் ஒரே அளவாக, 4 அலகுகள் மேலே நகர்த்தியதாகக் கொள்க. இரண்டின் சமன்பாட்டிலும் 4 கூடும். வேறுபாட்டில் அது நீங்கிவிடும். h(x) மாறாது, பரப்பும் மாறாது. ஆனால் இடத் துண்டு இப்போது அச்சுக்கு மேலே வந்துவிடுகிறது. எனவே இரு வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பைக் காணுகையில் x-அச்சு எங்கே உள்ளது என்ற கேள்விக்கே இடமில்லை. இதே காரணத்தால், x³ − 2x² என்ற வளைவரை x = 2 இல் அச்சை வெட்டுகிறதே என்று அங்கு இடைவெளியைப் பிரிக்க வேண்டியதும் இல்லை. அச்சும் இரு வளைவரைகளுள் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே அவ்வெட்டுப் புள்ளிக்குப் பொருள் உண்டு.

வினாவில் இடைவெளி கொடுக்கப்பட்டிருந்தால், கிடைத்த மூலங்களுள் எவை அதன் உள்ளே அமைகின்றன என்று பார்த்து, அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கண்ட வளைவரைக்கும் கோட்டுக்கும் x = 1 முதல் x = 2 வரையுள்ள பரப்பு கேட்கப்பட்டால், அவ்விடைவெளிக்குள் மூலம் எதுவும் இல்லை; பிரிக்காமல் 65/12 என்ற விடையைப் பெறலாம். மாறாக, x = −1 முதல் x = 4 வரை என்று கேட்கப்பட்டால் 0, 3 ஆகிய இரு இடங்களிலும் பிரித்தாக வேண்டும். மூன்றாம் துண்டில் வளைவரை மீண்டும் மேலே வருகிறது. H(4) = −8/3 ஆதலால் அத்துண்டின் பரப்பு −8/3 + 45/4 = 103/12. மொத்தப் பரப்பு 142/12 + 103/12 = 245/12 சதுர அலகுகள்.

மேற்கண்ட மூன்று துண்டுகளிலும் வளைவரை மேலே, கோடு மேலே, வளைவரை மேலே என்று குறி மாறி மாறி வந்தது. இதைக் கண்டு, ஒவ்வொரு மூலத்திலும் குறி மாறியே தீரும் என்று முடிவு செய்துவிடலாகாது. y = x³ என்ற வளைவரையையும் y = 3x − 2 என்ற கோட்டையும் x = −2 முதல் x = 2 வரை நோக்குக. இங்கு

x³ − 3x + 2 = (x − 1)²(x + 2)

மூலங்கள் −2, 1. ஆனால் (x − 1)² என்ற காரணி ஒருபோதும் குறை எண்ணாகாது. x = 1 இல் கோடு வளைவரையைத் தொட்டுவிட்டுச் செல்கிறதே அன்றி வெட்டவில்லை; அது வளைவரைக்கு அப்புள்ளியில் அமைந்த தொடுகோடு. −2 முதல் 2 வரை வளைவரை எங்கும் கோட்டுக்குக் கீழே செல்லவில்லை. ஆதலால் நேரடியாகத் தொகையிட்டு 8 சதுர அலகுகள் என்று பெறலாம். x = 1 இல் பிரித்தாலும் தீங்கில்லை; 27/4, 5/4 என்னும் இரு துண்டுகள் கிடைத்து அதே 8 வரும். ஆனால் மாதிரி மதிப்பைப் பிரதியிட்டுப் பாராமல், மூலத்தைக் கடந்ததால் குறியை மாற்றிக் கழிப்பவர் 27/4 − 5/4 = 11/2 என்ற தவறான விடைக்குச் செல்வார். காரணியின் அடுக்கு ஒற்றை எண்ணாயின் குறி மாறும். இரட்டை எண்ணாயின் மாறாது. இவ்விதியை மறந்தாலும், ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண்ணைப் பிரதியிடும் பழக்கம் கைகொடுக்கும்.

வெட்டும் புள்ளியை முற்றொருமை அல்லது காரணிப்படுத்தல் வழியாகக் காண இயலாத கணக்குகளும் உண்டு. y = cos x, y = x ஆகியவற்றை 0 முதல் 1 வரை எடுத்துக்கொண்டால், cos x = x என்ற சமன்பாட்டுக்குக் காரணிகள் இல்லை. அதன் மூலத்தைத் தோராயமாகவே காண முடியும். ரேடியன் அளவில் அது 0.739 என்ற மதிப்புக்கு மிக அருகில் உள்ளது. பிரிக்கும் புள்ளியை c என்று கொண்டால், 0 முதல் c வரை cos x மேலே, c முதல் 1 வரை x மேலே. இரண்டையும் தொகையிட்டுக் கூட்டினால் கிடைக்கும் கோவை

2 sin c − c² + 1/2 − sin 1

c = 0.739 எனப் பிரதியிட்டால் பரப்பு 0.4595. வெட்டும் புள்ளியைச் சரியாகக் காணாமல் c = 0.7 என்று கொண்டவருக்கு 0.4570 கிடைக்கும். புள்ளியில் ஏறத்தாழ 0.04 பிழை இருந்தும், பரப்பில் 0.0025 அளவே பிழை ஏற்பட்டுள்ளது. இது தற்செயலன்று. தவறாகப் பிரிப்பதால் குறி மாறிப்போகும் கீற்றுகள் வெட்டும் புள்ளிக்கு அருகில் மட்டுமே உள்ளன. அங்கே கீற்றின் உயரம் ஏறக்குறைய பூச்சியம். குறுகிய அகலமும் சிறிய உயரமும் சேர்ந்து பிழையை மிகச் சிறிதாக்கிவிடுகின்றன. மேலும், குறி மாறிய கீற்றுகள் எப்போதும் கழிக்கவேபடுவதால், தவறான c தரும் பரப்பு உண்மைப் பரப்பைவிடக் குறைவாகவே வரும். ஆகவே c ஐ மூன்று தசம இடங்களுக்குத் திருத்தமாகக் கண்டால் பரப்பு அதனினும் திருத்தமாகக் கிடைக்கும். பிரிக்காமலே விட்டுவிட்டால் கிடைப்பது sin 1 − 1/2, அதாவது 0.3415; அது நெடுந்தொலைவு விலகிய விடை.

இடைவெளியைப் பிரிக்காமல் தொகையிடுவது எப்போதுமே பிழை என்று கொள்வதும் சரியன்று. வினா எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது அது. சாலைச் சந்திப்பில் நின்றிருக்கும் ஒரு கார் பச்சை விளக்கு எரிந்ததும் புறப்படுகிறது. அதே கணத்தில் ஒரு மிதிவண்டி நொடிக்கு 6 மீட்டர் என்ற மாறா வேகத்தில் அதனைக் கடந்து செல்கிறது. t நொடிகளுக்குப் பின் காரின் வேகம் நொடிக்கு 2t மீட்டர் எனக் கொள்க. வேகம் – காலம் வரைபடத்தில் மிதிவண்டிக்கு ஒரு கிடைக்கோடும், காருக்கு ஆதியிலிருந்து எழும் ஒரு சாய்கோடும் அமையும். அவை t = 3 இல் வெட்டுகின்றன.

கார் எப்போது மிதிவண்டியை எட்டிப் பிடிக்கும் என்பது வினாவாயின், 6 − 2t ஐப் பிரிக்காமலே தொகையிட வேண்டும். T நொடிகள் வரையான தொகையீடு 6T − T². இது மிதிவண்டி எத்தனை மீட்டர் முன்னே உள்ளது என்பதைத் தருகிறது. அது பூச்சியமாவது T = 6 இல்; அப்போது இரண்டும் 36 மீட்டர் தொலைவில் சேர்ந்திருக்கும். இங்கு ஒரு துண்டு மற்றதை அழிப்பதே பொருளுடையது: முதல் 3 நொடிகளில் பெற்ற முன்னணியை அடுத்த 3 நொடிகளில் மிதிவண்டி இழந்துவிடுகிறது. அதே இடைவெளியில் இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்பைக் கேட்டால் விடை 9 + 9 = 18. இவ்விரு துண்டுகளுள் முதலாவதாகிய 9 என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. வேகங்கள் சமமாகும் அக்கணத்தில்தான் மிதிவண்டி காரைவிட்டு மிகத் தொலைவில், அதாவது 9 மீட்டர் முன்னே இருக்கும். அதன் பின் இடைவெளி சுருங்கத் தொடங்குகிறது.